பகிடி உரையை வெட்டும்போது நாம் விடும் தவறுகள்

பாடசாலைத் தோழர் ஒருவரின் 50ஆவது பிறந்தநாளுக்குப் பகிடி உரை எழுதும் பொறுப்பு சென்ற ஆண்டு என்னிடம் வந்தது. மேடைக் கலைஞர்கள் 'ரோஸ்ட்' என்று சொல்லும் வகை அது. கொண்டாடப்படுபவரை முன்னால் இருத்திவைத்து, அவருடைய குறைகளை அன்போடு போட்டு வாட்டுவது. முதல் வரைவில் 14 பகிடிகள் இருந்தன. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் உள்ள மண்டபத்தில் நான் வாசித்தவை ஒன்பது. மற்ற ஐந்தையும் வெட்டிய விதத்தில் நான் ஏறக்குறைய எல்லாத் தவறுகளையும் விட்டேன் என்பதால், அந்த வரைவையே இங்கே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

முதல் தவறு, 'அவன் சிரிப்பானா?' என்று மட்டும் கேட்பது. கொண்டாடப்படுபவருக்குச் சம்மதம் என்றால் எல்லாம் சரி என்று எண்ணிவிடுகிறோம். 1993இல் நியூயோர்க்கில் நகைச்சுவைக் கலைஞர்களின் பிரையர்ஸ் கழகம் கறுப்பின நடிகை வூப்பி கோல்ட்பேர்க்குக்கு நடத்திய ரோஸ்டில், வெள்ளையின நடிகர் டெட் டான்சன், கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் பழைய மேடை வழக்கப்படி, முகத்தில் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டு மேடையேறினார். கோல்ட்பேர்க் அதற்கு முன்பே உடன்பட்டிருந்தார். உரையை எழுத உதவியதாகவும் பின்னர் சொன்னார். ஆனால் பார்வையாளராக இருந்த கறுப்பினத் தொலைக்காட்சி நெறியாளர் மொன்டெல் வில்லியம்ஸ் பாதியில் எழுந்து வெளியேறினார். காயப்பட்டவர் நாற்காலியில் இருந்தவரல்ல, சபையில் இருந்தவர்.

ஆகவே சரிபார்ப்புப் பட்டியலின் முதற்பக்கம் பகிடிகளின் பட்டியலாக இருக்கக்கூடாது. அது வருபவர்களின் பட்டியலாக இருக்க வேண்டும். அழைப்புப் பட்டியலை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர் வாழ்க்கையில் இன்னும் ஆறாத விடயம் ஏதாவது நமக்குத் தெரியுமா என்று ஒரு சொல் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒவ்வொரு பகிடியையும் அந்த ஆளின் கதிரையில் இருந்து வாசித்துப் பார்க்க வேண்டும். அந்தத் தாளை எவருக்கும் காட்டவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது. வேலை முடிந்ததும் கிழித்துவிடுவதே மரியாதை.

இந்தப் பரிசோதனையில் விழுந்த முதற்பகிடி இது: 'இவருக்குக் கடைக்கு மூன்று கிளை, வீட்டில் ஒரு கிளையும் இல்லை.' எனது வரைவிலேயே மிகச் சுருக்கமான, மிகக் கூரான வரி அதுதான். தோழரே தனக்குப் பிள்ளை இல்லாததைப் பற்றி அடிக்கடி இப்படிப் பேசுவார் என்பதால் எனக்குத் தயக்கமே வரவில்லை. ஆனால் முன்வரிசையில் அவருடைய மனைவி இருப்பார், அவருக்குப் பக்கத்தில் மாமியார் இருப்பார். ஊரில் இந்தக் கேள்வியை ஆணிடம் எவரும் கேட்பதில்லை, கோயிலிலும் கலியாண வீட்டிலும் அந்த அக்காவிடம்தான் கேட்பார்கள். தன்னைப் பற்றித் தானே விடும் பகிடி அவருடைய உரிமை. அதே வரியை ஒலிவாங்கியில் நான் சொன்னால் அது நூறு பேர் முன்னால் கேட்கப்படும் அதே பழைய கேள்வி. வெட்டினேன், மனம் கேட்காமல்தான். சிரிப்பு உறுதி என்று தெரிந்த வரியைத்தான் நாம் கடைசிவரை காப்பாற்றப் பார்க்கிறோம் என்பதால், பட்டியலை எப்போதும் மிகச் சிறந்த பகிடியில் இருந்து தொடங்குவது நல்லது.

இரண்டாவது தவறு, பகிடியின் எலும்பை விட்டுவிட்டுத் தோலை மட்டும் மாற்றுவது. கடினமான சொல்லை எடுத்து மென்மையான சொல்லைப் போட்டால் குத்தல் குறைந்துவிடும் என்று நினைக்கிறோம். உண்மையில் கேட்கவேண்டியது வேறு: சிரிப்பு எதில் இருந்து பிறக்கிறது, அது எந்த இடத்தில் நிற்கிறது என்ற இரண்டையும் தனித்தனியே எழுதிப்பார்க்க வேண்டும்.

எனது வரைவில் இப்படி ஒன்று இருந்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் போர் நெருங்கி யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, எல்லோரும் அரிசியும் பாயும் சுமக்க, நம் தோழர் கிரிக்கெட் மட்டையைச் சுமந்துகொண்டு வந்தார் என்பது. நடந்த கதை, எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் வருபவர்களின் தாளில், அந்த இடப்பெயர்வின்போது தகப்பனை இழந்த ஒருவருடைய பெயரும் இருந்தது. 'இடப்பெயர்வு' என்பதை 'அந்த நாட்கள்' என்று மாற்றிப் பார்த்தேன். எந்தப் பயனும் இல்லை, கேட்பவர் மனம் அந்த வீதிக்குத்தான் போகும். பிறகு பிரித்து எழுதினேன். சிரிப்பு பிறப்பது மட்டையில். அது நிற்பது வீதியில். மட்டைக்கு வீதி தேவையே இல்லை. கலியாணத்தன்று மணவறைக்குப் போகும் வழியிலும் துடுப்பாட்ட முடிவைக் கேட்டவர் அவர் என்பதால், மட்டையை அங்கே கொண்டுபோய் வைத்தேன், சபை இன்னும் நன்றாகச் சிரித்தது.

இதனால் போர்க்காலம் முழுவதையும் தொடக்கூடாது என்று சொல்லவரவில்லை. பொருளாதாரத் தடைக்காலத்தில் அவருடைய மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடி, வீதி முழுவதும் புகை விட்டுக்கொண்டு போன கதையை அப்படியே வைத்தேன். அந்தப் புகையை எல்லோரும் குடித்தோம், அதில் எவரும் தனியாக இழந்தது இல்லை. எல்லோரும் சேர்ந்து பட்ட கஷ்டத்துக்கும் ஒருவர் மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோன இழப்புக்கும் நடுவில்தான் கோடு போட வேண்டும்.

சிரிப்பு பிறக்கும் இடமே புண்ணாக இருந்தால் நகர்த்த முடியாது. பட்டப்பெயர்கள் பெரும்பாலும் இந்த வகையில் அடங்கும். எங்கள் வகுப்பில் ஒருவருக்கு இருந்த பட்டப்பெயரை முப்பது வருடமாக ஒரு பாவமும் அறியாமல் கூப்பிட்டுவந்தோம். அது அவருடைய பாட்டனார் செய்த தொழிலை, ஆகவே சாதியைக் குறித்து யாரோ வைத்தது என்று வரைவு எழுதும்போதுதான் எனக்கு உறைத்தது. பட்டப்பெயர் வரும் இடமெல்லாம் அது எங்கிருந்து வந்தது என்று விசாரித்து, தெரியாவிட்டால் எடுத்துவிட வேண்டும். சீதனம், நிறம், விசா மறுக்கப்பட்ட கதை ஆகியவற்றுக்கு விசாரணையே வேண்டியதில்லை, நேரே எடுத்துவிட வேண்டும்.

மூன்றாவது தவறு, தவறான ஆளிடம் வாசித்துக் காட்டுவது. நான் முதலில் வாசித்துக் காட்டியது இன்னொரு வகுப்புத் தோழனிடம். அவன் 'விடு மச்சான், ஒருத்தரும் ஒண்டும் நினைக்க மாட்டினம்' என்றான். எங்களோடு படிக்காத, ஆனால் மண்டபத்தில் இருக்கப்போகிற ஒருவரிடம், பெரும்பாலும் வகுப்புத் தோழர் ஒருவரின் மனைவியிடம், வாசிக்க வேண்டும். 'பகிடி நல்லா இருக்கா?' என்று கேட்டால் மரியாதைக்குச் சிரிப்பார்கள். 'இதைக் கேட்டு யார் தலையைக் குனிவினம்?' என்று கேட்டால்தான் பெயர் வரும். வகுப்புத் தோழர் ஒருவரின் மனைவியிடம் அப்படிக் கேட்டபோது அவர் ஒரு நொடியும் யோசிக்காமல், எனது தாளில் இல்லாத ஒரு பெயரைச் சொன்னார். தோழரின் தம்பி, அண்ணனிடம் வாங்கிய கடனைத் திருப்ப முடியாமல் இருப்பவர். 'இவருடைய கடையில் கடன் வாங்கினால் மறுபிறவியிலும் விடமாட்டார்' என்ற எனது நாலாவது பகிடி அவர் தலையில் விழுந்திருக்கும்.

ஒளிப்பதிவையும் மறக்கக்கூடாது. உரை முடியுமுன்னே அது ரொறொன்ரோவிலும் லண்டனிலும் உள்ள வாட்ஸ்அப் குழுக்களுக்குப் போய்விடும், ஆகவே வருபவர்களின் தாளில் அவர்களுக்கும் சில வரிகள் ஒதுக்க வேண்டும்.

கடைசித் தவறு சிறியது, ஆனால் என்னைக் கவிழ்க்கப் பார்த்தது. வெட்டிய வரிகளைச் சிவப்புப் பேனையால் கோடிட்டு, அதே தாளோடு ஒத்திகை பார்த்தேன். சிரிப்பு கிளம்பியதும் கண் தானாகக் கோட்டுக்குக் கீழே போய், 'கடைக்கு மூன்று கிளை' வரை வாய் வந்துவிட்டது. அன்றிரவே ஒன்பது பகிடிகளையும் புதிய தாளில் பெரிய எழுத்தில் எழுதி, இடைவெளிகளைச் சேர்த்து வாசித்து நேரம் பார்த்தேன், ஏழு நிமிடம் வந்தது. பழைய தாளை மேசை லாச்சியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் மண்டபத்துக்குப் புறப்பட்டேன்.