போஸ்டர் வந்தது, கட்டுரை வரவில்லை

ஹட்டனில் நடந்த ஓர் ஆய்வு மாநாட்டுக்குக் கட்டுரை கேட்டு அறிவித்தல் போடும் வேலை ஒருமுறை என் தலையில் விழுந்தது. பின்னால் பனிமூட்டம், முன்னால் தேயிலை மலை, நடுவில் கருப்பொருள்கள், ஓரத்தில் திகதிகள் என்று போஸ்டர் பார்க்க நன்றாகவே இருந்தது. அதற்குக் கீழே நான் எழுதியது ஒரே வரிதான்: "ஆய்வாளர்களே, விபரங்களுக்குப் படத்தைப் பாருங்கள்." முதல் தவறு அந்த வரிதான்.

படத்துக்குள் இருக்கும் இணைப்பைத் தொட்டால் திறக்காது, பார்த்துத் தட்டச்சு செய்ய வேண்டும். எங்கள் இணைப்பு bit.ly வகைச் சுருக்கம். அதில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை அழைத்துக் கேட்டார்: "சேர், அது பெரிய 'I'யா, சின்ன 'l'ஆ, இல்லாட்டி எண் '1'ஆ?" எனக்கும் போஸ்டரைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. இன்னொன்று, சிக்னல் குறைந்த தோட்டங்களில் வட்ஸ்அப் படம் மங்கலாகவே நிற்கும், எழுத்து மட்டும் உடனே வந்துவிடும். அதனால் கருப்பொருள், திகதி, அனுப்பும் வழி மூன்றும் எழுத்தாகவே கீழே இருக்க வேண்டும். முகநூல் சில வரிகளுக்குப் பிறகு மிச்சத்தை மடித்து வைத்துவிடும். ஆகவே மாநாட்டின் பெயரும் முதல் இறுதித் திகதியும் முதல் இரண்டு வரிக்குள் வந்துவிட வேண்டும். பிரதம விருந்தினரின் பட்டங்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்வதுதான் நம் ஊர் வழக்கம்.

அடுத்தது திகதி. "இறுதித் திகதி 10/07" என்று போட்டால் போதும் என்று நினைத்தோம். எதற்கான இறுதி? ஆய்வுச் சுருக்கத்துக்கா, முழுக் கட்டுரைக்கா? பாதிப்பேர் அன்று முழுக் கட்டுரை தரவேண்டும் என்று நினைத்து, முடியாது என்று விட்டுவிட்டார்கள். வெளிநாட்டில் இருக்கும் நம்மவர் சிலர் அதை ஒக்டோபர் 7 என்று வாசித்தார்கள். மாதத்தை எழுத்தில் எழுதி, கிழமையையும் சேர்த்துவிட்டால் இந்தக் குழப்பம் வராது. கிழமை போடுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. போன வருட அறிவித்தலைப் பிரதி எடுத்துத் திகதியை மட்டும் மாற்றியிருந்தால், கிழமை பொருந்தாமல் உங்களையே காட்டிக்கொடுக்கும்.

நேரமும் அப்படித்தான். "நள்ளிரவு 12" என்றால் அந்த நாள் தொடங்கும் நள்ளிரவா, முடியும் நள்ளிரவா? இரவு 11.59, இலங்கை நேரம் என்று எழுதுங்கள். வெளிநாட்டு அழைப்புகளைப் பார்த்து AoE என்று சிலர் போடுவார்கள். பூமியில் எங்காவது ஓரிடத்தில் அந்தத் திகதி மிச்சமிருக்கும்வரை ஏற்போம் என்பது அதன் பொருள். கணக்குப் போட்டால், ஜூலை 10 இரவு 11.59 AoE என்பது நமக்கு ஜூலை 11 மாலை 5.29. அது தெரியாமல் போட்டுவிட்டு 10ஆம் திகதி நள்ளிரவே படிவத்தை மூடினால், சண்டைக்கு வருபவர் பக்கம்தான் நியாயம்.

இனிக் கருப்பொருள். நேரம் எடுத்து உட்கார வேண்டிய இடம் இதுதான். "வரலாறு, இலக்கியம், பண்பாடு, கல்வி, பொருளாதாரம், அரசியல் மற்றும் ஏனையவை" என்று எழுதினால் எதையும் கேட்காததற்குச் சமம். வருகிற சுருக்கங்களில் பாதி "மலையக மக்களின் வாழ்வியல் - ஒரு நோக்கு" வகையாக இருக்கும், மதிப்பிடுபவருக்கும் தள்ளுவதா கொள்ளுவதா என்று தெரியாது. ஒவ்வொரு கருப்பொருளையும் ஒரு கேள்வியின் பக்கத்துக்கு இழுத்துவர வேண்டும். "அரசியல்" என்பதை எடுத்துக்கொள்வோம். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் ஒரு பக்கம், 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் ஒரு பக்கம் என்று அதற்குள் எத்தனையோ கிடக்கின்றன. "1964 ஒப்பந்தத்துக்குப் பின்: இந்தியா போன குடும்பங்களும் இங்கே தங்கியவர்களும்" என்று எழுதிப் பாருங்கள். கடிதம் வைத்திருப்பவர், வாய்மொழி வரலாறு சேகரிப்பவர், சட்டம் படித்தவர் மூவருமே 'இது எனக்கு' என்று நினைப்பார்கள். "பண்பாடு" என்பதற்குப் பதில் "காமன் கூத்து: ஆடுபவர், அரங்கு, மாறும் தோட்டம்". "பொருளாதாரம்" என்பதற்குப் பதில் "லயத்திலிருந்து ஏழு பேர்ச் காணிக்கு: வீடு, உறுதி, முகவரி". இப்படி நான்கு இருந்தால் போதும். எதிலும் அடங்காத நல்ல கட்டுரை வந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். "இவற்றோடு தொடர்புள்ள வேறு தலைப்பாயின் முதலில் எழுதிக் கேட்கவும்" என்று ஒரு வரி போடுங்கள்.

அனுப்பும் வழி ஒன்றே இருக்கட்டும். மின்னஞ்சல், கூகுள் படிவம், செயலாளரின் வட்ஸ்அப் மூன்றையும் கொடுத்தோம். ஒரே சுருக்கம் மூன்று வடிவில் வந்து சேர்ந்தது, எது திருத்தியது என்று தெரியவில்லை. படிவத்தில் கோப்பு ஏற்றச் சொன்னால், அனுப்புபவர் கூகுள் கணக்குக்குள் நுழைந்தே ஆகவேண்டும். பாடசாலைப் பொதுக் கணினியில் இருப்பவருக்கு அது தொல்லை. சின்ன மாநாட்டுக்கு மின்னஞ்சலே போதும் என்பது என் எண்ணம். கோப்பின் பெயரையும் மின்னஞ்சல் தலைப்பையும் எப்படி இடுவது என்று சொல்லிவிடுங்கள், இல்லையேல் "abstract final new" என்ற பெயரில் இருபது கோப்புகள் வந்து நிற்கும்.

எழுத்துருவை மறந்தது எங்கள் பெரிய பிழை. இங்கே பலர் இன்னும் பாமினியில்தான் தட்டச்சு செய்கிறார்கள். பாமினி இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் "மலையகம்" என்பது

```
kiyafk;
```

என்று தெரியும். படிவத்தில் ஒட்டினாலும் இதே கதைதான். யுனிகோட் என்ற ஒரு சொல்லை அறிவித்தலில் சேர்த்திருந்தால் இரண்டு நாள் மாற்றும் வேலை மிச்சம். சொல்லெண்ணிக்கையும் மொழிக்கு மொழி மாறும். தமிழ் வேற்றுமையைச் சொல்லோடு ஒட்டி எழுதுவதால் ஆங்கிலத்தில் 300 சொல்லில் சொல்வது தமிழில் அதைவிடக் குறைவாகவே வரும். ஒரே எண்ணைப் போட்டால் தமிழில் எழுதுபவர் நீட்டி நிரப்புவார்.

சரி, எல்லாம் திருத்தினால் இப்படி வரும். திகதிகள் உதாரணத்துக்கு:

"மலையக ஆய்வு மாநாடு, ஹட்டன், 2026 நவம்பர் 14 சனி. ஆய்வுச் சுருக்கம் அனுப்பக் கடைசி நாள்: 2026 ஜூலை 10 வெள்ளி, இரவு 11.59, இலங்கை நேரம்.
தெரிவு அறிவிப்பு: ஓகஸ்ட் 3 திங்கள். முழுக் கட்டுரை: செப்டெம்பர் 18 வெள்ளி, இரவு 11.59.
கருப்பொருள்கள்: (நான்கு வரிகள்)
சுருக்கம்: தமிழில் 200 சொற்கள், ஆங்கிலத்தில் 300. யுனிகோட் எழுத்துரு, வேர்ட் கோப்பு. கோப்பின் பெயர்: உங்கள் பெயர், கருப்பொருள் எண்.
அனுப்ப: (ஒரே ஒரு மின்னஞ்சல் முகவரி). மூன்று நாளில் பதில் வராவிட்டால் மீண்டும் எழுதவும்.
பதிவுக் கட்டணம்: (தொகை, அல்லது இல்லை)"

கட்டண வரியை விட்டுவிடாதீர்கள். தெரிவான பிறகு கட்டணம் சொன்னால் தோட்டப் பாடசாலை ஆசிரியர்களும் மாணவர்களும் சத்தமில்லாமல் விலகிவிடுவார்கள்.

அப்புறம், திகதி நீடிப்பு. நாங்கள் நீடித்தபோது முகநூலில் புதிதாக ஒரு பதிவு போட்டோம், பழைய போஸ்டர் வட்ஸ்அப் குழுக்களில் இரண்டு வாரம் சுற்றிக்கொண்டே இருந்தது. நீடித்தால் பழைய பதிவின் முதல் வரியைத் திருத்துங்கள். புதிய படத்தில் பழைய திகதியைக் குறுக்கே கோடிட்டுக் காட்டி, பக்கத்தில் புதியதை எழுதி, அதே குழுக்களுக்கு மறுபடி அனுப்புங்கள்.