ஓய்வுக்காலப் பணம்: சராசரி ஒன்றுதான், வரிசைதான் வேறு

பணி ஓய்வுக்குப் பிறகு மியூச்சுவல் ஃபண்டில் பணத்தைப் போட்டு, ஆண்டுதோறும் செலவுக்கு எடுத்துக்கொள்ளத் திட்டமிடுபவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: சராசரியாக எத்தனை சதவீதம் கிடைக்கும்? நல்ல ஆண்டுகளும் மோசமான ஆண்டுகளும் எந்த வரிசையில் வரும் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஏன் என்பதை எக்செல் தாளில் நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

படி 1: தாளைத் தயார் செய்யுங்கள்

A பத்தியில் ஆண்டு, B-யில் வருமான சதவீதம், C-யில் தொடக்க இருப்பு, D-யில் எடுக்கும் தொகை, E-யில் ஆண்டு இறுதி இருப்பு. தொகைகள் எல்லாம் லட்சத்தில். C2-வில் 100 (ஒரு கோடி ரூபாய்), D2 முதல் D6 வரை 6 என்று இடுங்கள். B2 முதல் B6 வரை -25, -10, 10, 25, 40. இவற்றின் சராசரி 8. பிறகு இந்த இரண்டு சூத்திரங்கள்:

```
E2:  =(C2-D2)*(1+B2/100)
C3:  =E2
```

இவற்றைக் கீழ்நோக்கி ஆறாவது வரிசை வரை இழுத்துவிடுங்கள். பணத்தை ஆண்டின் தொடக்கத்திலேயே எடுப்பதாக வைத்திருக்கிறேன்.

படி 2: முதலில் எதையும் எடுக்காமல் பாருங்கள்

D பத்தி முழுவதையும் 0 ஆக்குங்கள். ஐந்தாம் ஆண்டு முடிவில் 129.94 வரும். B பத்தியைத் தலைகீழாக்கி 40, 25, 10, -10, -25 என்று மாற்றினாலும் அதே 129.94தான். உங்கள் தாளில் வேறு எண் வந்தால் சூத்திரத்தில் எங்கோ பிழை இருக்கிறது, சரிசெய்துவிட்டுத் தொடருங்கள்.

படி 3: இப்போது 6 லட்சம் எடுங்கள்

சரிவை முதலில் சந்தித்தவருக்குக் கடைசியில் மிஞ்சுவது 81.30 லட்சம். ஏற்றத்தை முதலில் கண்டவருக்கு 103.57 லட்சம். ஐந்து சதவீதங்களும் அவையே, எடுத்த பணமும் இருவருக்கும் 30 லட்சம்தான். ஆனாலும் 22 லட்சத்துக்கு மேல் வித்தியாசம்.

படி 4: பணம் எங்கே போனது?

இந்த இடத்தில் அவசரப்பட வேண்டாம்; விஷயமே இங்கேதான் இருக்கிறது. ஒரு யூனிட்டின் விலை 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவரிடமும் ஒரு லட்சம் யூனிட்கள். முதல் ஆண்டில் இருவரும் 6,000 யூனிட்களை விற்கிறார்கள். மூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில், சரிவைச் சந்தித்தவருக்கு யூனிட் விலை 67.50 ரூபாய், 6 லட்சத்துக்காக அவர் 8,889 யூனிட்களை விற்க வேண்டும். ஏற்றத்தைக் கண்டவருக்கு விலை 175 ரூபாய். 3,429 யூனிட்கள் போதும். ஐந்து ஆண்டுகளில் முதலாமவர் சுமார் 37,400 யூனிட்களை இழக்கிறார், இரண்டாமவர் சுமார் 20,300. பின்னால் சந்தை 40 சதவீதம் ஏறும்போது, விற்றுவிட்ட யூனிட்களுக்கு அதில் பங்கில்லை.

நடந்த கணக்கையும் பார்ப்போம். 2007 இறுதியில் 20,287 புள்ளிகளில் இருந்த சென்செக்ஸ், 2008 இறுதியில் 9,647-க்கு விழுந்தது. 2009 இறுதியில் 17,465-க்கு ஏறியது. ஒரு கோடியை அப்படியே இதில் வைத்து, 2008 தொடக்கத்திலும் 2009 தொடக்கத்திலும் 6 லட்சம் எடுத்திருந்தால், டிவிடெண்டைச் சேர்க்காமல், சுமார் 70 லட்சம் மிஞ்சியிருக்கும். அந்த இரண்டு ஆண்டுகளும் இடம் மாறி வந்திருந்தால் 78 லட்சம்.

படி 5: தடுப்பைச் சோதியுங்கள்

மூன்று ஆண்டுச் செலவான 18 லட்சத்தை வங்கி வைப்பில் போட்டுவிட்டு, C2-வை 82 ஆக்குங்கள். D2, D3, D4 மூன்றிலும் 0. D5, D6-இல் 6. வைப்புக்கு வட்டியே வரவில்லை என்று வைத்தாலும், சரிவு முதலில் வரும் வரிசையில் 87.65 லட்சம் மிஞ்சுகிறது. அதாவது 6 லட்சத்துக்கு மேல் கூடுதல். இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் விலை விழுந்திருந்தபோது ஒரு யூனிட்டைக்கூட விற்காததன் பலன் அது. ஆனால் இது இலவசம் அல்ல: ஏற்றம் முதலில் வந்தால் இதே ஏற்பாடு 98 லட்சத்தைத்தான் தரும், 103.57 லட்சத்தை அல்ல. எந்த வரிசை வரும் என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது என்பதால், அந்த ஐந்தரை லட்சத்தைக் காப்பீட்டு பிரீமியமாகவே நான் கருதுகிறேன். சரிவு மூன்று ஆண்டுகளைத் தாண்டி நீடித்தால் இந்தத் தடுப்பும் தீர்ந்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

விலைவாசி ஏற்றத்தை இங்கே சேர்க்கவில்லை. அதையும் பார்க்க, மீண்டும் C2-வை 100, D2-வை 6 ஆக்கி, D3-இல் `=D2*1.06` என்று கொடுத்துக் கீழே இழுங்கள். இரண்டு வரிசைகளுக்கும் இடையிலான இடைவெளி இன்னும் விரியும். மாறாக, D பத்தி முழுவதும் 4 என்று இட்டால் அது 14.85 லட்சமாகச் சுருங்கும். எடுக்கும் தொகை ஒன்றுதான் முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. ஓய்வின் முதல் சில ஆண்டுகளில் அதை எவ்வளவு குறைக்க முடியும் என்று வீட்டுச் செலவுக் கணக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதே தாளில் போட்டுப் பாருங்கள்.