கச்சேரி அவசரத்தில் இருப்பவர்களுக்கு: மார்கழி மாலை டிபன்

புதுச்சேரியில் எங்கள் கேண்டீனில் இந்த மார்கழி மாலைகளில் வெண்பொங்கல் கொத்சு, எலுமிச்சை சேவை, அடை அவியல் உண்டு. அடுத்த கச்சேரிக்கு ஓட வேண்டியவர்கள் பொங்கலோ சேவையோ கேளுங்கள். டோக்கன் கொடுத்ததும் தட்டு கைக்கு வந்துவிடும்.

அடை அப்படியல்ல. மாவு கெட்டி. தீயைக் கூட்டினால் ஓரம் கருகி, நடுவில் பருப்பின் பச்சை வாசனை நிற்கும். நிதானமாக வேக ஏழெட்டு நிமிடம் ஆகும். அதைச் சுருக்க எங்களுக்கு மனமில்லை. அதனால் அரங்கத்துக்குள் போகும்போதே அடைக்கு டோக்கன் வாங்கி, எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று சொல்லிவிடுங்கள். அந்த நேரத்துக்குக் கல்லில் ஊற்றுவோம்.

தனி ஆவர்த்தனம் தொடங்கியதும்தான் இங்கே கூட்டம் நெரியும். டோக்கன் கையில் இருந்தால் மிருதங்கத்தை முழுக்கக் கேட்டுவிட்டே வரலாம். அக்காரவடிசில் சனி, ஞாயிறு மட்டும்.