ஊர்ப்பெயரின் வாலைப் பிடித்து ஏரியைக் கண்டுபிடிப்பது எப்படி?

தமிழ்நாட்டு ஊர்ப்பெயர்களில் பெரும்பாலானவற்றை இரண்டாகப் பிரித்துவிடலாம். முன்பகுதி ஒரு ஆளையோ மரத்தையோ சாமியையோ சொல்லும். பின்பகுதி அந்த இடம் எப்படிப்பட்டது என்று சொல்லும். பட்டினம் என்றால் பெரும்பாலும் கடற்கரை, துறை என்றால் ஆற்றில் இறங்கும் இடம், பாளையம் என்றால் படை தங்கிய இடம். இப்படி ஒரு பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு ஊர் ஊராக அர்த்தம் சொல்லிக்கொண்டே போகலாம். ஆனால் அதில் பாதி தப்பாகப் போகும். பெயர், நிலம், கல்வெட்டு மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். அதை எப்படிச் செய்வது என்று ஒரு சிறிய வட்டாரத்தை வைத்துப் பார்ப்போம்: உத்திரமேரூர், வேடந்தாங்கல், மதுராந்தகம். ஒன்று காஞ்சிபுரம் மாவட்டம், மற்ற இரண்டும் செங்கல்பட்டு மாவட்டம். மூன்றுமே ஏரிப்பாசன பூமி.

படி 1: ஒரு வட்டத்தின் ஊர்ப்பட்டியலை எடுங்கள்

மாநிலம் முழுவதையும் எடுக்க வேண்டாம். ஒரு தாலுகா போதும். பட்டா விவரம் பார்க்கும் அரசு இணையதளத்தில் மாவட்டத்தையும் வட்டத்தையும் தேர்ந்தெடுத்தால் வருவாய்க் கிராமங்களின் பெயர்கள் வரிசையாக வரும். தமிழ் எழுத்தில் உள்ள பட்டியலையே எடுங்கள். ஆங்கில எழுத்தில் பார்த்தால் ழகரமும் ளகரமும் ஒன்றாகிவிடும், குறில் நெடில் தெரியாது.

ஒரு வருவாய்க் கிராமத்துக்குள் பல குக்கிராமங்கள் இருக்கும். அவை இந்தப் பட்டியலில் வராது. ஆனால் ஏரியையும் ஓடையையும் ஒட்டிய பழைய பெயர்கள் அங்கேதான் அதிகம் ஒளிந்திருக்கும். அதனால் செயற்கைக்கோள் வரைபடத்தைப் பெரிதாக்கி, அங்கே தெரியும் சின்னச் சின்னப் பெயர்களையும் எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: பெயரை வெட்டுங்கள்

முன்னால் ஒட்டிக்கொண்ட திரு, மேல், கீழ், பெரிய, சின்ன போன்றவற்றை முதலில் எடுத்துவிடுங்கள். பிறகு புணர்ச்சியைப் பிரியுங்கள். மானாமதுரைப் பக்கம் முத்தனேந்தல் என்று ஓர் ஊர் இருக்கிறது. அதை முத்தன் + ஏந்தல் என்று பிரித்தால்தான் ஏந்தல் கண்ணில் படும். ஏந்தல் என்பது மழைநீரை ஏந்திவைக்கும் சிறிய நீர்நிலை. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் நிறைய ஊர்கள் இப்படி முடியும். அதே மாதிரி நீரைத் தாங்கி நிற்கும் சின்ன ஏரிக்குத் தொண்டை மண்டலத்தில் தாங்கல் என்று பெயர். சென்னையில் ஐயப்பன்தாங்கல், ஈக்காட்டுத்தாங்கல், பழவந்தாங்கல் எல்லாம் இந்த வகைதான்.

இந்த இரண்டு ஈறுகளும் எங்கே வருகின்றன என்பதைக் கவனியுங்கள். இரண்டுமே பெரிய ஆற்றுக் கால்வாய் எட்டாத, மழையை நம்பிய பூமியில் வருகின்றன. காவிரிப் படுகைக்குப் போனால் கதையே வேறு. மயிலாடுதுறை, ஆவடுதுறை என்று துறைகள் வரும். ஆற்றிடைக்குறையைச் சொல்லும் துருத்தியும் அரங்கமும் வரும். திருப்பூந்துருத்தி காவிரிக்கும் குடமுருட்டிக்கும் நடுவில் இருக்கிறது. ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில். ஆற்றுத் தண்ணீர் வாசலுக்கே வந்த இடத்தில் அதைத் தேக்கிவைக்கும் கவலை குறைவு, பெயர்களும் அதற்கு ஏற்றபடி இருக்கின்றன. இலங்கையில் வன்னிப் பக்கம் மாங்குளம், கனகராயன்குளம், பாவற்குளம் என்று குளங்களாக வருவதற்கும் காரணம் இந்த மழைநீர்த் தேக்கம்தான்.

படி 3: வரைபடத்தில் கரையைத் தேடுங்கள்

நீர்நிலையைச் சொல்லும் ஈறு கிடைத்தால், அந்த நீர்நிலை அங்கே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏரி என்றால் வட்டமான தண்ணீரைத் தேடாதீர்கள். கோடையில் தண்ணீரே இருக்காது. தேட வேண்டியது கரையை. வில் மாதிரி வளைந்த மண்மேடு, அதன் மேல் பனை வரிசையோ வண்டிப்பாதையோ போகும். வட தமிழ்நாட்டுச் சமவெளி கிழக்கே கடலைப் பார்த்துச் சரிவதால் பல ஏரிகளுக்குக் கரை கிழக்குப் பக்கம் இருக்கும், தண்ணீர் மேற்கே நிற்கும். கரைக்குக் கீழே, மதகு திறக்கும் பக்கம், வயல்கள் கட்டம் கட்டமாகத் தெரியும். அதுதான் ஆயக்கட்டு. ஊர் பெரும்பாலும் கரையை ஒட்டியோ கரையின் ஒரு முனையிலோ இருக்கும்.

கரையின் முனைகளில் கலங்கலையும் தேடுங்கள். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியேறும் இடம் அது. அங்கிருந்து புறப்படும் ஓடையைப் பின்தொடர்ந்தால் பெரும்பாலும் அடுத்த ஏரிக்குப் போய்ச் சேரும். ஒரு ஏரியின் மிச்சம் அடுத்த ஏரியின் வரத்து. இந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு போனால் தாங்கல், ஏரி, பாக்கம், ஊர் என்று பெயர்கள் வரிசையாக வருவதைப் பார்க்கலாம். அட்டவணை போட்டுப் பார்ப்பதைவிட இப்படிப் பார்ப்பது நல்லது என்பது என் கருத்து. அந்த ஊர்கள் தண்ணீரை எப்படிப் பங்குபோட்டன என்பது இதில்தான் தெரியும்.

வேடந்தாங்கலில் இதைப் பார்ப்பது எளிது. பறவைகள் சரணாலயம் என்று நாம் சொல்வது உண்மையில் ஊரின் பாசன ஏரிதான். சுமார் 30 ஹெக்டேர், தண்ணீருக்குள்ளேயே நீர்க்கடம்பு மரங்கள். பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்பதால் ஊர்க்காரர்கள் அந்தப் பறவைகளைப் பல தலைமுறையாகக் காத்துவருகிறார்கள். வேடர் என்ற முன்பகுதி வேட்டையாடியவர்களைக் காட்டுகிறது என்பார்கள். இருக்கலாம். ஆனால் நிலத்தில் போய்ச் சரிபார்க்க முடிகிற பகுதி தாங்கல்தான். சுற்றுவட்டாரத்திலேயே வெள்ளபுத்தூர், வளையபுத்தூர் என்று இரண்டு புத்தூர்கள் இருக்கின்றன. புதிதாகக் கட்டிய ஊருக்குப் புத்தூர் என்று பெயர் வைப்பது வழக்கம். அப்படியானால் பக்கத்தில் இவற்றைவிடப் பழைய ஊர் எது என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்வியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். புற்று + ஊர் என்றும் சில புத்தூர்களுக்கு விளக்கம் உண்டு, அதனால் பெயரை மட்டும் வைத்து இதை முடிவு செய்ய முடியாது.

படி 4: கல்வெட்டில் பழைய பெயரைப் பாருங்கள்

இந்தப் படியை விட்டுவிட்டுத்தான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். உத்திரமேரூரை எடுத்துக்கொள்வோம். முடிவில் ஊர் இருக்கிறது, ஆகவே தானாக வளர்ந்த பழைய உழவர் குடியிருப்பு என்று பட்டியல் சொல்லும். கல்வெட்டு அப்படிச் சொல்லவில்லை. அதில் இதன் பெயர் உத்தரமேரு சதுர்வேதிமங்கலம். பல்லவ, சோழ மன்னர்கள் வேதம் படித்த அந்தணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊர்களுக்குச் சதுர்வேதிமங்கலம் என்று பெயர். நாக்கில் நீளமான ஈறு தேய்ந்து உதிர்ந்தது, அந்த இடத்தில் ஊர் வந்து ஒட்டிக்கொண்டது.

இங்கேதான் முதலாம் பராந்தக சோழனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலையில் பெயர் எழுதிப் போட்டு வாரியங்களுக்கு ஆள் எடுத்த விதிகள் அவற்றில் உள்ளன. அந்த வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். ஊரின் ஏரிக்கு வைரமேகத் தடாகம் என்று பெயர். ஆக, தானமாகக் கொடுத்த ஊருக்கும் ஏரி பராமரிப்புதான் அடிப்படை வேலையாக இருந்திருக்கிறது. தாங்கல் என்ற பெயர் தண்ணீரை நேராகச் சொல்கிறது. மங்கலம் தண்ணீரைச் சொல்லாவிட்டாலும் அதைச் சுற்றி ஒரு நிர்வாகமே நடந்திருக்கிறது.

மதுராந்தகத்தில் இன்னொரு வகைச் சிக்கல். கடைசியில் அகம் இருக்கிறதே என்று வெட்டிவிடாதீர்கள். மதுராந்தகன் என்பது சோழர் பட்டப்பெயர், மதுரைக்கு எமன் என்று பொருள். மதுராந்தக சதுர்வேதிமங்கலத்தில் ஈறு முழுவதும் உதிர்ந்து, அரசன் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. கிளியாற்றுத் தண்ணீரைத் தேக்கும் இந்த ஊர் ஏரி மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று. கரையை ஒட்டிய கோயிலில் இருப்பவர் ஏரி காத்த ராமர். கலெக்டர் லயனல் பிளேஸ் காலத்தில் பெருமழையில் கரை உடையாமல் அவர் காத்தார் என்பது கோயில் கதை. ஊர்ப்பெயரில் இல்லாத ஏரி சாமி பெயரில் இருக்கிறது, பாருங்கள்.

வீராணமும் இதே கதைதான். வீரநாராயணன் என்ற பராந்தகன் பட்டப்பெயர் ஏரிக்குப் போய், தேய்ந்து வீராணம் ஆனது. கல்வெட்டில் ‘இன்ன ஊரான இன்ன சதுர்வேதிமங்கலம்’ என்று இரண்டு பெயர்கள் சேர்ந்து வந்தால், பெரும்பாலும் முன்னது பழையது, பின்னது தானம் கொடுத்தபோது சூட்டியது. ஊருக்குள் பழைய சிவன் கோயிலோ பெருமாள் கோயிலோ இருந்தால், முதலில் அதன் கல்வெட்டுப் படி அச்சில் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

படி 5: காலத்தை ஈற்றை வைத்துச் சொல்லாதீர்கள்

கங்கைகொண்ட சோழபுரம் முதலாம் ராஜேந்திரன் கட்டியது. சென்னையில் உள்ள ராஜா அண்ணாமலைபுரம் 20ஆம் நூற்றாண்டுப் பெயர். இரண்டும் புரம்தான். காலத்தைச் சொல்வது முன்பகுதியும் கல்வெட்டும். பாளையம் கொஞ்சம் உதவும். மதுரை நாயக்கர் காலத்துப் பாளையக்காரர் முறையோடு இந்தப் பெயர் பரவியதால், ஒரு வட்டத்தில் பாளையங்கள் மண்டிக்கிடந்தால் அந்தக் காலத்தை முதலில் சந்தேகிக்கலாம். அதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது.

வடமொழிக்கு மாறிய பெயர்களையும் பாருங்கள். திருமறைக்காடு வேதாரண்யம் ஆனது, முதுகுன்றம் விருத்தாசலம் ஆனது. இன்றைய பெயரை வெட்டினால் காடும் குன்றும் கையில் கிடைக்காது. தேவாரத்தில் பாடப்பட்ட ஊர் என்றால் அங்கே உள்ள பெயரை முதலில் பாருங்கள்.

படி 6: காணாமல் போன ஏரி

கடைசியில் உங்கள் பட்டியலில் சில ஊர்கள் மிஞ்சும். பெயர் தாங்கல் என்கிறது, வரைபடத்தில் வீடுகள் மட்டும்தான் தெரிகின்றன. பெயர் தப்பு என்று உடனே தள்ளிவிடாதீர்கள், தெருப்பெயர்களைப் பாருங்கள். சென்னையில் மாம்பலம் ஏரியைத் தூர்த்துத்தான் 1920களில் தியாகராய நகர் எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்னும் இருக்கிறது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது, அந்தப் பக்கம் டேங்க் பண்ட் ரோடு என்று ஒரு சாலை இருக்கிறது. டேங்க் பண்ட் என்றால் ஏரிக்கரை.

அப்புறம் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள ‘அ’ பதிவேட்டில் அந்தப் புல எண் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். வீடுகள் நிற்கும் இடத்தின் பழைய பதிவில் ஏரி என்றோ நீர்நிலைப் புறம்போக்கு என்றோ இருந்தால், பெயர் சொன்னது சரிதான். அந்தப் புல எண்ணின் எல்லையை இன்றைய வரைபடத்தின் மேல் பென்சிலால் வரைந்துகொண்டு, கலங்கல் எந்த மூலையில் இருந்தது, அதிலிருந்து போன ஓடை இப்போது எந்தத் தெருவுக்கு அடியில் போகிறது என்று தேடத் தொடங்கலாம்.