"சில சிறு பணிகள் நிலுவையில் உள்ளன" என்று எழுதாதீர்கள்

12 அரசுப் பள்ளிகளில் ஆர்.ஓ. குடிநீர் இயந்திரம் வைக்கும் திட்டம் ஒன்று முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நிறைவு அறிக்கையின் முதல் வரி அநேகமாக இப்படித்தான் தொடங்கும்: "12 பள்ளிகளிலும் இயந்திரங்கள் வெற்றிகரமாக நிறுவப்பட்டன." அது செய்த வேலையின் கணக்கு. விளைவு என்ன என்பது அதில் இல்லை.

விளைவை எழுத ஒருநாள் பள்ளிகளுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். சொல்லாமல் போங்கள். 9 பள்ளிகளில் இயந்திரம் ஓடுகிறது, 3 பள்ளிகளில் நின்றிருக்கிறது என்றால் அதையே எழுதுங்கள். குழாயில் வரும் தண்ணீரில் கரைந்துள்ள உப்பின் அளவை டி.டி.எஸ். மீட்டரால் பாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. இயந்திரம் வைப்பதற்கு முன்னால் அளந்திருந்தால் அந்த எண்ணையும் பக்கத்தில் போடுங்கள். அளக்கவில்லையா? "முன் அளவு எடுக்கப்படவில்லை" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். ஊகித்து ஒரு எண்ணைப் போட்டால் அடுத்த திட்டத்தின் மதிப்பீடும் அதன் மேல்தான் கட்டப்படும்.

அடுத்தது கற்ற பாடங்கள். "ஒருங்கிணைப்பு மேம்பட வேண்டும்" என்ற வரியை நான் எத்தனையோ அறிக்கைகளில் படித்திருக்கிறேன். அதை வைத்துக்கொண்டு யாரும் எதையும் மாற்றிச் செய்துவிட முடியாது. நடந்தது, ஏன் நடந்தது, அடுத்தமுறை எந்தக் கட்டத்தில் என்ன செய்வது என்ற மூன்றும் வேண்டும். உதாரணமாக: "4 பள்ளிகளில் மேல்நிலைத் தொட்டி தாழ்வாக இருந்ததால் இயந்திரத்துக்குத் தேவையான நீரழுத்தம் வரவில்லை. பம்ப் வாங்கியதில் 3 வாரம் தாமதம். இனி ஆர்டர் கொடுக்கும் முன்பே, இடம் பார்க்கப் போகும் நாளில் குழாயின் அழுத்தத்தை அளக்க வேண்டும்." இதை யாருடைய தவறு என்று எழுதாமல் எந்தப் படி விடுபட்டது என்று எழுதுங்கள். பெயரைப் போட்டால் அடுத்தமுறை ஒருவரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள்.

அதிகம் சேதம் செய்வது நிலுவைப் பகுதிதான். "சில சிறு பணிகள் திட்டக் குழுவால் முடிக்கப்படும்" என்று எழுதுகிறோம். ஆனால் அறிக்கை கொடுத்த மறுநாள் அந்தக் குழுவே இருக்காது. ஒவ்வொரு நிலுவைக்கும் வேலை என்ன, பொறுப்பாளர் யார், எந்தத் தேதிக்குள், பணம் எந்தத் தலைப்பிலிருந்து என்று நான்கும் வேண்டும். "2 பள்ளிகளில் கழிவுநீர்க் குழாய் போடவில்லை, ஒப்பந்ததாரர், ஜூன் 30, பிடித்தம் செய்துள்ள தொகையிலிருந்து." அந்தப் பிடித்தத்தைத் திட்டம் முடிந்த மகிழ்ச்சியில் விடுவித்துவிட்டால் குழாய் வராது.

கண்ணில் படாத நிலுவைகளும் உண்டு. உத்தரவாதம் முடியும் தேதி, வடிகட்டி மாற்றும் செலவு, பராமரிப்பு ஒப்பந்தம் யார் பெயரில் என்பவை. வடிகட்டியைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்; பள்ளியிடம் அதற்குப் பணம் இருக்கிறதா என்று தலைமையாசிரியரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

கடைசியாக, பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரிடமும் அந்த வரிக்கு எதிரே கையெழுத்து வாங்குங்கள். யாராவது "இது என் வேலை இல்லையே" என்றால் அறிக்கைத் தேதியைத் தள்ளிவையுங்கள்.