பழைய குடும்பப் போட்டோவை அக்ரிலிக் ஓவியமாக்குவது எப்படி?

வெளிநாட்டில் இருக்கும் சித்தி பையனிடமிருந்து மெசேஜ்: "அக்கா, இந்த குரூப் போட்டோவில இருந்து தாத்தா பாட்டி ரெண்டு பேரை மட்டும் பெயிண்ட் பண்ணித் தர முடியுமா? பாட்டி பிறந்தநாளுக்குக் கொடுக்கணும். கலர்ல இருந்தா நல்லாருக்கும்." கூடவே ஆல்பத்தை ஃப்ளாஷ் போட்டு எடுத்த படம். தாத்தாவின் நெற்றியில் வெள்ளையாக ஒரு வெளிச்சத் திட்டு. இப்படி ஒரு வேலை உங்களிடம் வந்தால், பிரஷ்ஷைத் தொடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியதுதான் அதிகம்.

1. நல்ல பிரதி வாங்குங்கள்

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். அதனால் மூலப் போட்டோ யாரிடம் இருக்கிறதோ அவரை ஸ்கேன் செய்து, டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். போட்டோ 4க்கு 6 அங்குலம்தான், அதிலும் நமக்கு வேண்டிய இருவர் 2க்கு 3 அங்குலத்துக்குள் அடங்கிவிடுகிறார்கள் என்றால் ஸ்கேனரில் 1200 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 1200 புள்ளி, வையுங்கள். அந்தச் சின்னப் பகுதி மட்டும் 2400க்கு 3600 பிக்சல் கிடைக்கும், அது தாராளம். ஸ்கேனர் இல்லையா, ஜன்னல் பக்கம் நேர் வெயில் படாத இடத்தில் போட்டோவைத் தட்டையாக வைத்து, ஃப்ளாஷ் இல்லாமல், போனைச் சாய்க்காமல் எடுக்கட்டும். ஃபிரேம் கண்ணாடியோடு ஒட்டிப்போன போட்டோவைப் பிரிக்கவே கூடாது, மேல்படலம் உரிந்து வந்துவிடும். கண்ணாடியோடு சேர்த்தே எடுக்கலாம், எடுப்பவர் முன்னால் ஒரு கறுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டால் பிரதிபலிப்பு குறையும்.

2. நிறத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்

கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்புப் புடவையும் பச்சைப் புடவையும் ஒரே சாம்பலாகத் தெரியலாம். மிகப் பழைய படம் என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு: அந்தக் காலத்துச் சில பிலிம்களுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது, அதனால் சிவப்பு கறுப்பாகவும் தோல் நிஜத்தைவிடக் கருத்தும் விழும். ஆகவே படத்தைப் பார்த்து ஊகிக்காமல் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். பாட்டிக்கே தெரியாமல் கேட்பது உங்கள் சாமர்த்தியம். யாருக்கும் நினைவில்லை என்றால் முழுப்படத்தையும் பழுப்பு ஒன்றிலேயே முடித்துவிடுங்கள், தப்பான கலரைவிட அது எவ்வளவோ மேல்.

3. கட்டம் போட்டு மாற்றுங்கள்

அந்த 2க்கு 3 பகுதியை வெட்டி, கறுப்பு வெள்ளையாக்கி, கான்ட்ராஸ்ட்டைக் கொஞ்சம் ஏற்றி, ஏ4 தாளில் 6க்கு 9 அங்குலமாக அச்செடுங்கள். கேன்வாஸ் 12க்கு 18. இரண்டும் ஒரே விகிதம் என்பதுதான் முக்கியம், இல்லாவிட்டால் முகம் நீண்டோ அகன்றோ போகும். அச்சில் 1 அங்குலக் கட்டம், கேன்வாஸில் 2 அங்குலக் கட்டம், இரண்டிலும் 54 வரும். முகம் விழும் கட்டங்களை மட்டும் குறுக்கே பிரித்து நான்காக்குங்கள். மூக்கு, கண் என்று பெயர் வைத்து வரையாதீர்கள். இந்தக் கோடு கட்டத்தின் எந்த இடத்தில் நுழைந்து எங்கே வெளியேறுகிறது என்று மட்டும் பாருங்கள். பென்சிலை அழுத்தாதீர்கள், வெளிர் நிறத்துக்கு அடியில் கோடு தெரியும்.

4. முதலில் பழுப்பு

பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பு பெயிண்ட்டைத் தண்ணீரில் நீர்த்து நிழல்களை மட்டும் வையுங்கள்: கண்குழி, மூக்குக்கு அடி, கீழுதட்டுக்கு அடி, கழுத்து. ஜாடை இங்கேதான் கிடைக்கிறது. தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் தாத்தா தெரிய வேண்டும். தெரியவில்லையா? அச்சையும் கேன்வாஸையும் தலைகீழாக வைத்து ஒப்பிடுங்கள், எந்த நிழல் நகர்ந்திருக்கிறது என்று பிடிபட்டுவிடும். இந்தக் கட்டத்திலேயே ஒரு படம் எடுத்து, தாத்தாவை அந்த வயதில் பார்த்த ஒருவருக்கு அனுப்புங்கள், திருத்த எளிதாக இருப்பது இப்போதுதான்.

5. அப்புறம் கலர்

கறுப்பு டியூபை ஒதுக்கிவிட்டு அல்ட்ராமரின் நீலத்தோடு பர்ன்ட் அம்பரைக் கலந்து கருமை செய்யுங்கள், தலைமுடி உயிரோடு இருக்கும். கண்ணின் வெள்ளையை வெள்ளையாக வைத்தால் முறைப்பது போல ஆகிவிடும், லேசான சாம்பல் போதும். பற்களைத் தனித்தனியாகப் பிரிக்காதீர்கள். அக்ரிலிக் காய்ந்ததும் ஒரு படி கருக்கும், அதனால் தோல் நிறத்தைக் கொஞ்சம் வெளிறலாகவே கலக்கலாம். அந்த வெளிச்சத் திட்டு போல படத்தில் எதுவுமே இல்லாத இடத்தை ஊகித்து நிரப்பாமல், அதே வயதில் எடுத்த இன்னொரு போட்டோ கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் சுருக்கம் எதையும் சேர்க்காமல் பக்கத்து நிறத்தையே மெல்ல இழுத்து விட்டுவிடலாம்.

6. வார்னிஷ்

தொட்டுப் பார்க்கக் காய்ந்த மாதிரி இருந்தாலும் வார்னிஷ் பூசுவதற்கு முன் சில நாள் விடுங்கள், பாட்டிலில் எத்தனை நாள் என்று போட்டிருப்பார்கள். பளபளப்பு வகை விளக்கு வெளிச்சத்தில் மினுங்கி முகத்தை மறைக்கும், மினுங்காத மேட் வகையை வாங்குங்கள். பிறந்தநாள் தேதியிலிருந்து இப்படிக் காய விடும் நாட்களைக் கழித்துத்தான் தம்பியிடம் "சரி, முடியும்" என்று சொல்ல வேண்டும்.