பழைய சிபியு, புதிய கிராபிக்ஸ் காட்: 60 வீதத்தை நம்பி ஏமாறாதீர்கள்

கொக்குவிலில் இருக்கும் என் மச்சான் போன மாதம் கோல் எடுத்தான். "அண்ணை, மாமா கனடாவில இருந்து கொண்டுவந்த காட் பழுது போல கிடக்கு. கேம் 60 எஃப்பிஎஸ்சுக்கு மேல ஏறுதில்லை."

அவனுடைய சிபியு 2013இல் வந்த ஐ7-4770. பழைய ஒபிஸ் மெஷின் ஒன்றை வாங்கி, அதில் 2023இன் ஆர்டிஎக்ஸ் 4060ஐச் செருகியிருந்தான். சிபியுவில்தான் பிழை என்றேன். "Task Managerஇல 60 வீதம்தானே காட்டுது, இன்னும் 40 வீதம் சும்மா கிடக்கே?" என்றான்.

எல்லாரும் விழும் குழி இதுதான். அந்த 60 வீதம், இந்த சிபியு ஒரே நேரத்தில் ஓட்டும் எட்டு திரெட்டுகளின், அதாவது எட்டு வேலை வரிசைகளின், சராசரி. ஒரே ஒரு திரெட் முழு மூச்சாக ஓடினாலும் மொத்தக் கணக்கில் அது 12.5 வீதம்தான். பெரும்பாலான கேம்களில் ஒரு பிரதான திரெட் வேலையை முடித்த பிறகுதான் காட்டுக்கு அடுத்த பிரேம் போகும். அது திணறினால் மற்றவை சும்மா இருந்தும் பயனில்லை. Logical processors வரைபடத்தைத் திறந்து பார்த்தாலும் எதுவும் 100ஐத் தொடாமல் இருக்கலாம், ஏனென்றால் விண்டோஸ் அந்தத் திரெட்டை ஒரு கோரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே இருக்கும்.

ஆகவே சிபியுவை விட்டுவிட்டுக் காட்டைப் பாருங்கள். என்விடியா மென்பொருள் இருந்தால் கேமுக்குள்ளேயே Alt+R அழுத்தலாம். ஜிபியு 95 வீதத்துக்கு மேல் நின்றால் காட்டுக்கு முழு வேலை கிடைக்கிறது. மச்சானுக்கு 58 வீதம்தான் காட்டியது.

அவசரப்பட்டு முடிவுகட்ட வேண்டாம். திரையின் வேகத்துக்கு மேல் பிரேம் போகவிடாத வி-சிங்க் போட்டிருந்தால் 60 ஹெர்ட்ஸ் மொனிட்டரில் நல்ல காட்டும் பாதி வேலைதான் செய்யும். முதலில் அதையும் எஃப்பிஎஸ் லிமிட்டையும் நிறுத்தச் சொன்னேன். 62 எஃப்பிஎஸ் வந்தது. பிறகு ரெசலூஷனை 1080பியிலிருந்து 720பிக்கு இறக்கினோம். காட்டின் சுமை பாதிக்கும் கீழே போயும் 63தான். சிபியு தடுக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடைக்காது. காட் தடுத்திருந்தால் எண் துள்ளி ஏறியிருக்கும்.

அடுத்த தவறு, எஃப்பிஎஸ் கூட வேண்டுமென்று எல்லா செட்டிங்கையும் 'லோ'வுக்குத் தள்ளுவது. டெக்ஸ்ச்சரைக் குறைத்து ஒன்றும் ஆகாது, படம்தான் அசிங்கமாகும். டிஎல்எஸ்எஸ் அப்ஸ்கேலிங்கும் உள்ளே ரெசலூஷனைக் குறைக்கிற வேலைதான் என்பதால் இங்கே கைகொடுக்காது. சிபியுவை வருத்துவது சனக்கூட்டத்தின் அளவும் தொலைவில் தெரியும் பொருள்களும்தான். அவை இரண்டையும் குறைத்ததும் 74 வந்தது. டெக்ஸ்ச்சரைத் திரும்ப உச்சத்தில் வைத்தோம், எண் அசையவில்லை.

இடையிடையே செயற்கைப் பிரேம்களைச் செருகும் பிரேம் ஜெனரேஷனைப் போட்டால் இதே மெஷின் நூறைத் தாண்டிக் காட்டும். ஆனால் மவுஸ் அசைவுக்கு கேம் பதில் சொல்லும் வேகம் பழையபடிதான், சிலவேளை இன்னும் கொஞ்சம் மந்தம். மச்சான் அதைப் பத்து நிமிடம் விளையாடிப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டான்.